அனுபவம் இல்லாமல் இன்டர்ன்ஷிப்புக்கு எழுதும் கடிதம்: இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு

இரண்டாம் ஆண்டு பொறியியல் படிக்கும்போது கோடை இன்டர்ன்ஷிப் தேடுவது எவ்வளவு தனிமையான வேலை என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மூன்றாம் ஆண்டுக்காரர்களுக்குத் துறையே வழிகாட்டும், சீனியர்கள் எந்த நிறுவனத்தில் யாரைக் கேட்கலாம் என்று சொல்லித் தருவார்கள். இரண்டாம் ஆண்டில் இருப்பவர் தானே முகவரி தேடி, தானே எழுதி, தானே காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் பதிலே வராது. "இடமில்லை" என்று ஒரு வரி வந்தால்கூட மனம் ஆறிவிடும், எதுவுமே வராமல் இருப்பதுதான் ஆளைத் தின்னும். எனக்கு ஒரு கோடை விடுமுறை முழுக்க அப்படியே போனது. எல்லா நிறுவனமும் அனுபவம் கேட்கிறது, வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்ற கோபம் வெகுநாள் இருந்தது. பிறகு மின்னணு போர்டுகள் செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்து, மாணவர்கள் அனுப்பும் கடிதங்களைப் படித்துப் பிரிக்கும் பொறுப்பு வந்தபோதுதான் மறுபக்கம் தெரிந்தது. அனுபவம் இல்லை என்பதற்காக ஒதுக்கப்படும் கடிதம் மிகக் குறைவு. இரண்டாம் ஆண்டு மாணவருக்கு அனுபவம் இருக்காது என்பது படிப்பவருக்கே தெரியும். சரிபார்த்துப் பார்க்கக்கூடிய செய்தி ஒன்றுகூட இல்லாததால்தான் பெரும்பாலானவை ஒதுங்கிப் போகின்றன.

கடிதத்தைப் படிப்பவர் யார் என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். பெரிய நிறுவனங்களில் இதற்கென்று தனித் திட்டம் இருக்கும், இணையப் படிவம் இருக்கும், கோடைக்குப் பல மாதங்கள் முன்பே மூடியும் விடுவார்கள். தனிக் கடிதம் எடுபடுவது சிறிய, நடுத்தர நிறுவனங்களில். அங்கே அதைப் படிப்பவர் பெரும்பாலும் மனிதவள அதிகாரி அல்ல, தன் மேசையில் பாதி பிரித்த போர்டு ஒன்றை வைத்துக்கொண்டிருக்கும் பொறியாளர். அவர் மனத்தில் ஓடும் கேள்விகள் எளியவை. இந்தப் பிள்ளையிடம் எந்த வேலையைக் கொடுக்கலாம்? சொல்லித் தர என் நேரம் எவ்வளவு போகும்? எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வருவார்? உங்கள் ஆர்வமும் உழைப்பும் கற்றுக்கொள்ளும் துடிப்பும் இந்தக் கேள்விகளில் எதற்கும் பதில் ஆகாது. அவை பொய் என்றில்லை, எல்லாரும் அதையேதான் எழுதுகிறார்கள். ஒரே வாக்கியம் இருபது கடிதங்களில் வந்தால் அதிலிருந்து ஒருவரைப் பற்றியும் எதுவும் தெரியாது.

ஆகவே கடிதத்தின் உயிர் நடுப் பத்தியில் இருக்கிறது. நீங்கள் கையால் செய்த ஒரு சிறிய வேலை, அதில் வந்த ஒரு சிக்கல், அதன் காரணத்தை நீங்கள் கண்டுபிடித்த வழி, கடைசியில் கிடைத்த எண், இன்னும் தீராமல் நிற்கும் குறை. இவ்வளவும் ஐந்தாறு வரியில் வந்துவிட வேண்டும். "என்னிடம் அப்படி எதுவும் இல்லையே" என்பதுதான் எல்லாரும் சொல்லும் முதல் பதில். ஆய்வக நோட்டை எடுத்துப் புரட்டுங்கள். சிக்கல் இல்லாமல் முடிந்த சோதனைகளை விட்டுவிடுங்கள். எந்த நாளில் ரீடிங் ஒத்துவரவில்லை, எந்தச் சுற்றை மறுபடி கழற்றி மாட்டினீர்கள், எதற்காக வகுப்பு முடிந்த பிறகும் உட்கார்ந்திருந்தீர்கள் என்று தேடுங்கள். அங்கேதான் உங்கள் பத்தி இருக்கிறது. சிவில் படிப்பவருக்கு அது ஒத்துவராத கான்கிரீட் கனசதுரச் சோதனையாக இருக்கலாம், மெக்கானிக்கல் படிப்பவருக்கு அடுக்குகள் பிரிந்து உடைந்த முப்பரிமாண அச்சுத் துண்டாக இருக்கலாம். எனக்கு நன்றாகத் தெரிந்தது மின்னணு என்பதால் அதிலிருந்தே ஓர் உதாரணத்தை முழுசாக எடுத்துச் சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் பலரும் செய்வது வெப்பநிலை அளக்கும் சிறிய சுற்று. ஆர்டுயினோ ஊனோ போர்டு, எல்.எம்.35 சென்சார், ஒரு திரை. ரெஸ்யூமேயில் இது "ஆர்டுயினோ மூலம் வெப்பநிலை கண்காணிப்பு அமைப்பு உருவாக்கினேன்" என்ற ஒற்றை வரியாக வரும். படிப்பவர் அதைத் தாண்டிப் போய்விடுவார், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் நிரலை ஏற்றி மூன்று கம்பி மாட்டினாலே இது ஓடும். அந்த வரியில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை.

இப்போது அதே திட்டத்துக்குள் இறங்கிப் பார்ப்போம். திரையில் வெப்பநிலை 29.3, 29.8, 30.3 என்று அரை அரை டிகிரியாகத் தாவுகிறது, நடுவில் உள்ள மதிப்புகள் வருவதே இல்லை. பெரும்பாலானவர்கள் சென்சார் மலிவு என்று சொல்லி விட்டுவிடுவார்கள். காரணம் சென்சாரில் இல்லை. எல்.எம்.35 ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் 10 மில்லிவோல்ட் தருகிறது. ஊனோவின் சிப் உள்ளே வரும் மின்னழுத்தத்தை 1024 படிகளாகப் பிரிக்கிறது. வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது 5 வோல்ட்டை முழு அளவாக எடுத்துக்கொள்ளும். 5 வோல்ட்டை 1024 ஆல் வகுத்தால் ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட், அதாவது கிட்டத்தட்ட அரை டிகிரி. திரையில் தெரிந்த தாவல் அதுதான். அறை வெப்பநிலையில் சென்சார் தருவது வெறும் 300 மில்லிவோல்ட். மீதி அளவு முழுக்கப் பயன்படாமல் கிடக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவருக்கு அடுத்த அடி எளிது. அந்தச் சிப்புக்குள்ளேயே 1.1 வோல்ட் அளவுகோல் ஒன்று இருக்கிறது. நிரலில் ஒரு வரி போட்டால் 5 வோல்ட்டுக்குப் பதில் அதை எடுத்துக்கொள்ளும்:

```
analogReference(INTERNAL);
```

இப்போது ஒரு படி சுமார் 1.07 மில்லிவோல்ட், வெப்பநிலையில் 0.11 டிகிரி. தாவல் போய்விட்டது. இதற்கு ஒரு விலை உண்டு, 110 டிகிரிக்கு மேல் அளக்க முடியாது. அறை வெப்பநிலை பார்ப்பவருக்கு அது ஒரு பொருட்டல்ல. மாற்றியவுடன் வரும் முதல் சில ரீடிங்குகள் சரியாக இருக்காது, அவற்றைக் கழித்துவிட வேண்டும். இந்த வரியைப் போட்டிருக்கும்போது ஏ-ரெஃப் முனையில் வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுக்கக் கூடாது, சிப் கெட்டுப்போகலாம்.

கதை இங்கே முடிந்தால் அது சாதாரணப் பத்திதான். இதற்குப் பின்னால் வரும் தவறுதான் படிப்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கும். மாற்றிய பிறகு ரீடிங் தாவாமல் வருகிறது, ஆனால் தெர்மாமீட்டரோடு வைத்துப் பார்த்தால் கூடுதலாகக் காட்டுகிறது. 30 டிகிரியில் 31.1, வெந்நீரில் 60 டிகிரியில் 62.3. பிழை வெப்பநிலையோடு சேர்ந்து வளர்கிறது என்பதைக் கவனியுங்கள். எல்லா இடத்திலும் ஒரே ஒரு டிகிரி கூடியிருந்தால் கடைசியில் ஒன்றைக் கழித்துவிடலாம். விகிதத்தில் கூடுகிறது என்றால் பெருக்கும் எண்ணே தவறு. காரணம் அந்த 1.1 வோல்ட். அது பெயரளவுக்குத்தான் 1.1. ஊனோவில் உள்ள சிப்பின் டேட்டாஷீட் 1.0 முதல் 1.2 வரை எதுவும் இருக்கலாம் என்கிறது, சிப்புக்குச் சிப் மாறும். அந்த வரி ஓடும்போது ஏ-ரெஃப் முனையில் மல்டிமீட்டரை வைத்தால் உண்மை மதிப்பு தெரியும். நம் உதாரணத்தில் அது 1.06. நிரலில் 1.1 இருந்த இடத்தில் 1.06 போட்டால் இரண்டு இடத்திலும் ரீடிங் ஒத்துவருகிறது.

இவ்வளவையும் செய்ய ஒரு போர்டும் மல்டிமீட்டரும் தெர்மாமீட்டரும் போதும். இதைச் செய்த மாணவரிடம் டேட்டாஷீட் படிக்கும் பழக்கம் இருக்கிறது, பிழையின் வடிவத்தைப் பார்த்துக் காரணத்தை ஊகிக்கத் தெரிகிறது, ஊகத்தை மீட்டர் வைத்துச் சரிபார்க்கத் தெரிகிறது. இந்த மூன்றையும் "எனக்குப் பகுப்பாய்வுத் திறன் உண்டு" என்று எழுதி யாரையும் நம்பவைக்க முடியாது. நடந்ததைச் சொன்னால் படிப்பவரே அந்த முடிவுக்கு வந்துவிடுவார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதே பத்தியை எழுதும்போது "0.1 டிகிரி துல்லியத்தில் அளக்கும் கருவி" என்று எழுதிவிடாதீர்கள். படி அளவு 0.1 டிகிரி என்பது வேறு, காட்டும் எண் உண்மையிலிருந்து 0.1 டிகிரிக்குள் இருக்கிறது என்பது வேறு. சென்சாருக்கே சொந்தப் பிழை இருக்கிறது, நீங்கள் ஒப்பிட்ட தெர்மாமீட்டருக்கும் இருக்கிறது. துறையில் இருப்பவர் அந்த ஒரு சொல்லில் நின்றுவிடுவார், அதற்கு முன் நீங்கள் சம்பாதித்த நல்லெண்ணம் எல்லாம் கரைந்துவிடும். நீங்கள் எதை அளந்தீர்களோ அதை மட்டும் எழுதுங்கள்.

இப்போது கடிதம். குளிர்பதன அறைகளுக்கு வெப்பநிலைப் பதிவுக் கருவி செய்யும் ஒரு சிறிய நிறுவனத்துக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இங்கே தமிழில் தருகிறேன், நீங்கள் அந்த நிறுவனம் எந்த மொழியில் புழங்குகிறதோ அந்த மொழியில் எழுதுங்கள். தலைப்பு வரி: "கோடை இன்டர்ன்ஷிப், ஜூன் 2 முதல் ஜூலை 11 வரை, மின்னணுவியல் இரண்டாம் ஆண்டு".

"வணக்கம். நான் மின்னணுவியல் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குளிர்பதன அறைகளுக்கான உங்கள் வெப்பநிலைப் பதிவுக் கருவியின் கையேட்டைப் படித்தேன். அந்தக் கருவிகளைச் சோதிக்கும் அல்லது அளவு சரிபார்க்கும் பிரிவில் ஜூன் 2 முதல் ஜூலை 11 வரை ஆறு வாரம் இன்டர்னாகச் சேர வாய்ப்பு உண்டா என்று கேட்க எழுதுகிறேன்.

இந்தப் பருவத்தில் எல்.எம்.35 சென்சாரை ஆர்டுயினோ ஊனோவில் இணைத்து வெப்பநிலை அளந்தேன். ரீடிங் அரை டிகிரி அரை டிகிரியாகத் தாவியது. 5 வோல்ட் அளவுகோலில் ஒரு படி 4.9 மில்லிவோல்ட் என்பதே காரணம் என்று கணக்கிட்டு, சிப்பின் உள் அளவுகோலுக்கு மாற்றினேன். படி 0.11 டிகிரியாகக் குறைந்தது. ஆனால் 30 டிகிரியில் 1.1 டிகிரியும் 60 டிகிரியில் 2.3 டிகிரியும் கூடுதலாகக் காட்டியது. பிழை விகிதத்தில் வளர்ந்ததால் அளவுகோலைச் சந்தேகித்து மீட்டரில் பார்த்தேன், 1.1 வோல்ட்டுக்குப் பதில் 1.06 இருந்தது. அதைத் திருத்திய பின் இரண்டு இடத்திலும் தெர்மாமீட்டரோடு ஒத்துவந்தது. இன்னும் ஒரு குறை இருக்கிறது: நான் இணைத்த முறையில் சென்சார் 2 டிகிரிக்குக் கீழே அளக்காது. உங்கள் கருவி உறைநிலைக்குக் கீழேயும் அளப்பதால் அதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கற்றுக்கொள்ள விரும்புகிறேன்.

மின்சுற்றியல், டிஜிட்டல் மின்னணு பாடங்களை முடித்திருக்கிறேன். மைக்ரோகன்ட்ரோலர் பாடம் அடுத்த பருவத்தில்தான் வருகிறது, நிரல் எழுதியது சொந்தமாகக் கற்றுத்தான். சால்டரிங் செய்யவும் மல்டிமீட்டர், ஆசிலோஸ்கோப் பயன்படுத்தவும் தெரியும். போர்டு வடிவமைப்பு தெரியாது. அளந்த எண்களின் வரைபடத்தையும் ஒரு பக்க ரெஸ்யூமேயையும் இணைத்திருக்கிறேன். கல்லூரியின் அனுமதிக் கடிதம் ஒரு வாரத்தில் வாங்கித் தர முடியும். நன்றி."

அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்குள் முடிகிறது. முதல் பத்தியில் நிறுவனத்தின் புகழ் இல்லை, அதன் ஒரு பொருள் இருக்கிறது. அந்தப் பொருளின் கையேட்டை உண்மையிலேயே படித்துவிட்டு எழுதுங்கள், ஏனென்றால் அடுத்த பத்தியில் வரும் 2 டிகிரி என்ற குறை அங்கேதான் போய்ச் சேருகிறது. உங்கள் திட்டத்தின் எல்லையும் அவர்களுடைய தொழிலும் தொடும் இடம் ஒன்று கிடைத்தால் கடிதம் அவர்களுக்கென்றே எழுதப்பட்டது என்பது தெரியும். பெயரை மட்டும் மாற்றிப் பத்து இடத்துக்கு அனுப்பும் கடிதத்தில் அப்படி ஒரு வரி எழுதவே முடியாது. அதனால் நேரம் கூடுதலாகப் பிடிக்கும், ஒரு நிறுவனத்துக்கு ஒரு மாலைப் பொழுதாவது போகும். நடுப் பத்தி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கலாம், அதன் கடைசி இரண்டு வரியும் முதல் பத்தியும் மாறவேண்டும்.

பிரிவைப் பெயர் சொல்லிக் கேட்டிருப்பதையும் பாருங்கள். "எந்த வேலையானாலும் செய்யத் தயார்" என்று எழுதினால் பணிவாகத் தெரியும் என்று நினைக்கிறோம். படிப்பவருக்கோ அது ஒரு கூடுதல் வேலை, உங்களை எங்கே உட்கார வைப்பது என்று அவர்தான் யோசிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவருக்குக் கொடுக்கக்கூடிய வேலைகள் எல்லா இடத்திலும் உண்டு: வந்த போர்டுகளைச் சோதிப்பது, அளவு சரிபார்த்து அட்டவணை போடுவது, சோதனை நிரல் எழுதுவது, பழுதாகித் திரும்பி வந்தவற்றைப் பிரித்துக் காரணம் வாரியாக வகைப்படுத்துவது. புதிய பொருளை வடிவமைக்கும் குழுவில் இடம் கேட்டால் ஆறு வாரத்தில் எதுவும் முடியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

தெரியாததைச் சொல்வதில்தான் மாணவர்கள் மிகவும் தயங்குகிறார்கள், எனக்கும் அந்தத் தயக்கம் நிறைய இருந்தது. ஆனால் "போர்டு வடிவமைப்பு தெரியாது" என்ற வரி கெடுதல் எதுவும் செய்யாது. அதற்கு மேலே தெரியும் என்று எழுதியவற்றை நம்பத்தக்கதாக ஆக்குகிறது. எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றால், வருத்தம் தெரிவிப்பதற்கு முன்னால். "எனக்குப் போதிய அனுபவம் இல்லாவிட்டாலும் தயவுகூர்ந்து" என்று தொடங்கும் வாக்கியத்தைக் கடிதத்தில் எங்கே கண்டாலும் அடித்துவிடுங்கள். தெரியாத ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் அது தகவல். பொதுவாக மன்னிப்புக் கேட்டால் படிப்பவருக்குத் தருமசங்கடம்.

திட்டம் நான்கு பேர் சேர்ந்து செய்தது என்றால் "நாங்கள்" என்று எழுதிவிட்டு நகராதீர்கள். சுற்றை மாட்டியது ஒருவர், நிரல் எழுதியது ஒருவர், அறிக்கை தயாரித்தது ஒருவர் என்றுதான் எல்லாக் குழுவிலும் நடக்கும். "நால்வர் குழுவில் அளவு சரிபார்ப்பை நான் பார்த்தேன்" என்றால் போதும். நிரல் எழுதிய நண்பரின் வேலையைச் சொந்தமாக்கி எழுதினால் முதல் தொலைபேசி அழைப்பிலேயே தடுமாறும்.

இணைப்புகளைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் நல்ல கடிதங்கள் கெட்டுப்போவது இங்கேதான். நிரலையோ அளவுகளையோ இணைய இணைப்பாகக் கொடுத்தால், அனுப்பும் முன் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி அல்லது உலாவியின் தனிச் சாளரத்தில் அதைத் திறந்து பாருங்கள். அனுமதி கேட்கும் பக்கம் வந்தால் படிப்பவருக்கும் அதுவே வரும். உங்களிடம் அனுமதி கேட்டுவிட்டுக் காத்திருக்க அவருக்கு நேரமில்லை. இணைப்பைவிட நல்லது ஒரு படம்: திருத்தத்துக்கு முன், திருத்தத்துக்குப் பின் என்று இரண்டு கோடுகள், கீழே தெர்மாமீட்டர் அளவு, அச்சுகளில் அலகு. கோப்பின் பெயர் `resume_final_new2.pdf` என்று இருக்க வேண்டாம். அவர் கணினியில் சேமிக்கும்போது உங்களைத் தேடி எடுக்க வசதியாக உங்கள் பெயரும் துறையும் ஆண்டும் அதில் இருக்கட்டும்.

ரெஸ்யூமே ஒரு பக்கம் தாண்டக் கூடாது. பள்ளிக் கட்டுரைப் போட்டியும் பொழுதுபோக்குகளும் வேண்டாம். ஒரு வாரச் சான்றிதழ் வகுப்புகளை வரிசையாக அடுக்குவதிலும் பயனில்லை. அந்தச் சான்றிதழ்களுக்காகப் பணம் கட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, அந்தப் பணத்தில் ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்கலாம். அதைவிட வருத்தம் இன்டர்ன்ஷிப்புக்கே கட்டணம் கேட்கும் இடங்கள். தேடிக் களைத்துப்போன நேரத்தில்தான் அவர்கள் அழைப்பு வரும், "இடம் உறுதி, இன்றே கட்டினால்" என்று. எனக்கும் வந்தது, பதிலே வராத அந்த நாட்களில் அது எவ்வளவு இனிப்பாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். என் வேலையை மேற்பார்வை பார்க்கப்போகும் பொறியாளர் யார்? முதல் வாரத்தில் எந்த வேலை கொடுப்பீர்கள்? பெயரும் வேலையும் வராமல் பாடத்திட்டமும் சான்றிதழும் மட்டும் பதிலாக வந்தால் அது கட்டண வகுப்பு. வகுப்பாக வேண்டுமானால் சேரலாம், ஆனால் அதை அனுபவம் என்று கடிதத்தில் எழுதினால் படிப்பவர் அடையாளம் கண்டுகொள்வார்.

யாருக்கு அனுப்புவது? பொதுவான தொடர்பு முகவரிக்குப் போகும் கடிதம் விற்பனைப் பிரிவில் போய் நிற்கும். நிறுவனத்தின் தொழில்நுட்பக் குறிப்புகளிலோ கண்காட்சி அறிவிப்பிலோ பொறியாளர் பெயர் இருந்தால் அவருக்கு எழுதுங்கள். இல்லாவிட்டால் வரவேற்பு எண்ணை அழைத்து, "சோதனைப் பிரிவில் மாணவர் பயிற்சி பற்றி யாருக்கு எழுதலாம்" என்று கேட்டாலே பல இடங்களில் சொல்லிவிடுவார்கள். ஒரே கடிதத்தைப் பல முகவரிகளை ஒன்றாகப் போட்டு அனுப்ப வேண்டாம், எல்லார் பெயரும் எல்லாருக்கும் தெரியும், யாரும் பதில் எழுத மாட்டார்கள். சிறிய நிறுவனங்களுக்கு விடுமுறைக்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பு எழுதுவது நல்லது. தேர்வு முடிந்த பிறகு தொடங்கினால் அதற்குள் அவர்கள் வேலைகளைப் பிரித்திருப்பார்கள், உங்கள் கல்லூரி அனுமதிக் கடிதமும் விடுமுறையில் மாட்டிக்கொள்ளும்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். "என் கடிதம் கிடைத்ததா" என்று மட்டும் கேட்காதீர்கள், அவருக்கு அது ஒரு கடமையாகத்தான் தெரியும். பழைய கடிதத்துக்கே பதிலாக, மூன்று வரியில், புதிதாக ஒன்றைச் சொல்லுங்கள்: "சென்ற வாரம் பனிக்கட்டி நீரில் வைத்துப் பார்த்தேன், 2 டிகிரிக்குக் கீழே ரீடிங் நம்பும்படியாக இல்லை. வரைபடம் இணைப்பில்." வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பது அதிலேயே தெரியும். அதற்கும் பதில் இல்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அந்த மௌனத்துக்கு உங்களோடு தொடர்பே இல்லாத காரணங்கள் நிறைய உண்டு. பெரிய ஆர்டர் ஒன்று வந்திருக்கலாம், உட்கார மேசை இல்லாமல் இருக்கலாம், பயிற்சி தரவேண்டியவர் விடுப்பில் இருக்கலாம். உள்ளே இருந்து பார்த்த பிறகுதான் இதை என்னால் நம்ப முடிந்தது.

அழைப்பு வந்தால் கேள்விகள் கிட்டத்தட்ட முழுக்க அந்த நடுப் பத்தியிலிருந்துதான் வரும், ஆகவே அதைச் சுற்றியே தயாராகுங்கள். அதிகபட்சம் எத்தனை டிகிரி அளக்க முடியும் என்று கேட்பார்கள். பெயரளவில் 110, உங்கள் சிப்பில் உண்மையான அளவுகோல் 1.06 என்பதால் 106. இந்த இரண்டாவது எண்ணைத் தானாகச் சொல்பவரைக் கேட்பவர் குறித்துக்கொள்வார். லேப்டாப்பிலிருந்து மின்சாரம் எடுத்தபோதும் அடாப்டரிலிருந்து எடுத்தபோதும் ரீடிங் மாறியதா என்று கேட்கலாம். பழைய முறையில் மாறியிருக்கும், ஏனென்றால் 5 வோல்ட் என்று நாம் நம்பியது ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், அது 4.8 ஆக இருந்தால் எல்லா ரீடிங்கும் 4 சதவீதம் கூடுதலாக வரும். உள் அளவுகோலுக்கு மாறிய பிறகு அந்தப் பிரச்சினை இல்லை. பிறகு உறைநிலைக்குக் கீழே எப்படி அளப்பாய் என்ற கேள்வி வரும், நீங்களே கடிதத்தில் அழைத்த கேள்வி அது. எல்.எம்.35 இன் வெளியீட்டிலிருந்து எதிர்மின்னழுத்தத்துக்கு ஒரு மின்தடையை இணைத்தால் மைனஸ் 55 வரை போகலாம் என்று டேட்டாஷீட் சொல்கிறது. ஆனால் அப்போது வெளியீடும் பூஜ்யத்துக்குக் கீழே போகும், ஊனோவால் அதைப் படிக்க முடியாது, நடுவில் மின்னழுத்தத்தை மேலே தூக்கும் ஒரு சுற்று வேண்டும். இதுவரை யோசித்து வைத்திருங்கள். அந்தச் சுற்றை எப்படிச் செய்வது என்று தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, நீங்கள் இதற்கு எந்தச் சென்சார் பயன்படுத்துகிறீர்கள் ஐயா என்று திருப்பிக் கேளுங்கள்.